பெட்டிக்குள் வெயில்

சூரிய அடுப்பு மாதிரி செய்வது எளிது. பெரிய அட்டைப்பெட்டிக்குள் சிறியது ஒன்றை வைத்து, இடைவெளியில் கசக்கிய செய்தித்தாளைத் திணிக்க வேண்டும். உள்சுவரில் அலுமினியத் தாள், அடியில் கறுப்புத் தகடு, மேலே கண்ணாடி. அவ்வளவுதான். அளப்பதில்தான் சிக்கல்.

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 டிகிரியோடு நின்றுவிடும். ஆய்வகத்தில் உள்ளது வேண்டும். அதன் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொட்டால், தண்ணீரின் சூடு அல்ல, தகட்டின் சூடுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பார்த்தால் சேர்ந்த வெப்பம் வெளியேறும். எனவே பக்கவாட்டில் துளையிட்டு வெப்பமானியைச் செருகி, இடுக்கை அடைத்துவிடுவது நல்லது. அதேபோன்ற பாத்திரத்தில் அதே அளவு தண்ணீரை வெளியே வெயிலில் வையுங்கள். ஒப்பிட அது இல்லையென்றால், பெட்டி என்ன சாதித்தது என்று சொல்லவே முடியாது.

அரை லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 30 டிகிரியிலிருந்து 72க்கு ஏறியதாகக் கொள்வோம். அது பெற்ற வெப்பம் சுமார் 88,000 ஜூல். 40 செ.மீ. சதுரக் கண்ணாடியில், சதுர மீட்டருக்கு 800 வாட் வெயில் என்றால், விழுந்தது சுமார் 4,61,000 ஜூல். திறன் 19 சதவீதம். குறைவுதான், ஆனால் நம்பத்தக்க எண். 800 என்பது அளந்ததல்ல, ஊகம் என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

வரைபடத்தில் கோடு முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு சாயும். சூடு கூடக்கூடப் பெட்டி இழப்பதும் கூடுவதே காரணம். நடுவில் திடீர்ச் சரிவு தெரிந்தால், அந்த நிமிடத்துக்கு எதிரே ‘மேகம்’ என்று குறித்திருக்கிறதா பாருங்கள்.