நீர் ஊற்ற ஊற்றக் கூடும் திறன்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கடத்துதிறன் மானியோடு இரண்டு கரைசல்கள் காத்திருக்கின்றன. ஒன்று பொட்டாசியம் குளோரைடு, மற்றது வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம். இரண்டும் லிட்டருக்கு 0.1 மோல் செறிவு கொண்டவை. வெப்பநிலை 25 டிகிரி. ஒரு டிகிரி ஏறினாலே அளவீடு சுமார் 2 சதவீதம் கூடிவிடும் என்பதால் பீக்கர்களை நிலையான வெப்பநிலை கொண்ட தொட்டியில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமன்ஸ் கணக்கில் உப்புக் கரைசல் சுமார் 12,900 காட்டும், அமிலம் 520தான். இரண்டையும் நூறு மடங்கு நீர்த்தால் உப்பு 147க்கு இறங்குகிறது, கிட்டத்தட்ட 88 மடங்கு வீழ்ச்சி. அமிலமோ 49இல் நின்றுவிடுகிறது. நூறில் ஒரு பங்கு அமிலம்தான் இருக்கிறது, ஆனால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்குக்குத்தான் குறைந்திருக்கிறது.

மானி காட்டும் எண்ணைச் செறிவால் வகுத்துப் பார்த்தால் விஷயம் புலப்படும். ஒரு மோல் பொருள் எவ்வளவு கடத்துகிறது என்று சொல்லும் இந்த அளவுக்கு மோலார் கடத்துதிறன் என்று பெயர். உப்புக்கு இது 129இலிருந்து 147 ஆகிறது. அமிலத்துக்கு 5.2இலிருந்து 49.

உப்பு கரையும்போதே முழுதும் அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. நீர் சேர்ப்பதால் புதிய அயனி எதுவும் வராது. நெரிசல் குறைந்து, எதிர்மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று பின்னிழுப்பது தளர்கிறது, அவ்வளவுதான். அமிலத்திலோ 0.1 மோலில் நூறு மூலக்கூறுகளில் ஒன்றே கால் அளவுதான் பிரிந்திருக்கும். நீர்க்க நீர்க்க மேலும் மூலக்கூறுகள் உடைகின்றன, 0.001 மோலில் ஏறக்குறைய 13 பிரிந்துவிடுகின்றன.

இந்தச் சதவீதத்தைக் கணக்கிட, அமிலம் முழுதும் பிரிந்தால் எவ்வளவு கடத்தும் என்று தெரிய வேண்டும். உப்புக்குச் செறிவின் வர்க்கமூலத்தை வைத்து வரைபடம் போட்டால் நீர்த்த பகுதியில் நேர்கோடு வரும். அதைச் சுழி வரை நீட்டினால் 150 கிடைக்கும். அமிலத்தின் வளைவு அந்தப் பக்கம் செங்குத்தாக எழும்பிவிடுவதால் நீட்ட முடியாது. கோல்ராஷ் காட்டிய வழி அழகானது: மிக நீர்த்த நிலையில் ஒவ்வோர் அயனியும் தன் பங்கைத் தனியாகவே தருகிறது. ஆகவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் 426.2, சோடியம் அசிட்டேட்டின் 91.0 இரண்டையும் கூட்டி, சோடியம் குளோரைடின் 126.5ஐக் கழித்தால் 390.7.

இதைக் கொண்டு ஆஸ்வால்டின் நீர்த்தல் விதிப்படி பிரிகை மாறிலியைக் கணக்கிட்டால் இரு செறிவுகளிலும் ஒரு லட்சத்தில் 1.8 பங்கு என்றே வர வேண்டும். நீர்த்த கரைசலில் மட்டும் அது 2.2 என்று வந்தால், கலனில் ஒட்டியிருந்த பழைய உப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த உப்பால் கூடும் 5 மைக்ரோசீமன்ஸ் 520இல் தெரியாது. 49இல் பத்து சதவீதப் பிழை.