போலீஸ் ஜாமீன்: நிலையத்திலேயே எப்போது வெளியே வரலாம்?

வீட்டில் ஒருவரை போலீஸ் பிடித்துக்கொண்டு போனதும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "ஜாமீன் எவ்வளவு?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?" இரவே வீடு திரும்புவாரா, லோக்காப்பில் படுப்பாரா என்பதைப் பெரும்பாலும் அந்தப் பிரிவு எண்தான் தீர்மானிக்கிறது.

நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பின்பகுதியில் ஒரு நீண்ட அட்டவணை உண்டு. தண்டனைச் சட்டத்தின் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஜாமீன் உண்டா இல்லையா என்று அதில் எழுதியிருக்கும். சாலைப் போக்குவரத்துச் சட்டம் போன்ற மற்றச் சட்டங்களுக்குப் பொதுவான கணக்கு ஒன்று இருக்கிறது. அதிகபட்ச சிறைத் தண்டனை 3 ஆண்டுக்குக் குறைவென்றால் அது ஜாமீன் உள்ள குற்றம். 3 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் அந்த வகையில் சேராது.

ஒரே இரவில் ஒரே நிலையத்துக்கு இருவர் கொண்டுவரப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கல்யாண வீட்டில் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது சாலைத் தடுப்பில் சிக்கியவர். இன்னொருவர் தோட்டத்தில் செம்பனைக் குலைகளைத் திருடியதாகப் பிடிபட்டவர்.

குடித்து ஓட்டியவருக்கு இது முதல் குற்றம் என்றால், சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45ஏ பிரிவில் சிறை 2 ஆண்டு வரைதான். அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்குகிறது, அது வேறு கதை. ஆனால் 3 ஆண்டுக்குக் குறைவு என்பதால் இது ஜாமீன் உள்ள குற்றம். இங்கே 387ஆம் பிரிவு பேசுகிறது: கைதானவர் ஜாமீன் கொடுக்கத் தயாராக இருந்தால், நிலையப் பொறுப்பதிகாரியோ கார்ப்பரல் பதவிக்குக் குறையாத அதிகாரியோ அவரை விட வேண்டும். 'விடலாம்' அல்ல, 'விட வேண்டும்'. அதிகாரி பொருத்தம் என்று கருதினால், ஜாமீன்தாரர் இல்லாமல் கைதானவரின் சொந்தக் கையெழுத்திலேயே அனுப்பவும் செய்யலாம். 'தயாராக இருந்தால்' என்பதைக் கவனியுங்கள். ஆகவே கைதானவரோ வீட்டாரோ "ஜாமீன் தரத் தயார்" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காமல் வெளியே காத்திருந்தே இரவைக் கழிப்பவர்கள் உண்டு. இதே ஆள் இதே குற்றத்தில் மறுபடியும் மாட்டினால் சிறை 5 ஆண்டு வரை போகிறது, அப்போது கணக்கே மாறிவிடும்.

குலை திருட்டு தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவு. சிறை 7 ஆண்டு வரை. அட்டவணையில் ஜாமீன் இல்லாத குற்றம். இந்தப் பெயர்தான் பலரை ஏமாற்றுகிறது. ஜாமீனே கிடையாது என்பதல்ல இதன் பொருள், ஜாமீன் உரிமையாகக் கிடையாது என்பதே பொருள். 388ஆம் பிரிவின்படி மாவட்டப் போலீஸ் தலைவரோ நீதிமன்றமோ நினைத்தால் விடலாம். கவுண்டரில் இருக்கும் கார்ப்பரலிடம் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. மரண தண்டனைக்கோ ஆயுள் சிறைக்கோ உரிய குற்றத்தைச் செய்ததாக நம்ப நியாயமான காரணம் தெரிந்தால், மாவட்டத் தலைவராலும் விட முடியாது.

விடவில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். திருட்டு வழக்கில் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாவது முறை 3 நாள் வரை தடுப்புக் காவல் கேட்கலாம். எத்தனை நாள் என்று முடிவு செய்யுமுன் கைதானவரோ அவருடைய வழக்கறிஞரோ பேச மாஜிஸ்திரேட் இடம் தர வேண்டும். வீட்டில் நோயாளி இருப்பது, நிலையான வேலை இருப்பது, விசாரணைக்கு ஒத்துழைத்தது எல்லாம் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடிமக்களுக்கு தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் இந்தக் கட்டத்திலேயே உதவுகிறார்கள்.

இனி பத்திரம். அதில் எழுதப்படும் தொகை அபராதமும் அல்ல, யாருக்கும் கொடுக்கும் கட்டணமும் அல்ல. குறித்த நாளில் கைதானவர் வராவிட்டால் கட்ட வேண்டிய தொகை அது. அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. முன்பணம் கட்டச் சொன்னால் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் "நான் பேசி எடுத்துத் தருகிறேன்" என்று வாசலில் நிற்பவருக்குப் பத்திரத்தில் எந்த இடமும் இல்லை.

ஐ.சி.யை நீட்டிக் கையெழுத்துப் போடும் மாமாவோ அண்ணனோ வரவேண்டிய தேதி, நேரம், இடம் மூன்றையும் படித்துப் பார்க்க வேண்டும். ஆள் ஓடிவிட்டால் தொகை கேட்டு வருவது அவரிடம்தான். பத்திரத்தின் நகலையும், விசாரணை அதிகாரியின் பெயர், தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள்.

போலீஸ் ஜாமீனில் வந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் பிறகு வாரண்டில் மாட்டுகிறார்கள். பிறகு நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டால், அங்கே ஜாமீன் புதிதாகப் பேசப்படும். நிலையத்தில் போட்ட கையெழுத்து அதற்குச் செல்லாது. அன்று காலை ஜாமீன்தாரரையும் பணத்தையும் கையோடு கொண்டு போக வேண்டும்.