'டெலிவர்டு' என்று செய்தி வந்தால் உங்கள் பணம் எங்கே போகிறது?

டெல்லி முனிர்காவில் ஒரு குடும்பம் பொங்கலுக்காக ஜனவரி 5 அன்று ஓர் ஆன்லைன் தளத்தில் மூன்று பொருள்கள் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சாந்தினி சௌக் கடையிலிருந்து 1,500 ரூபாய்க்குப் பித்தளைப் பானை, காஞ்சிபுரம் விற்பனையாளரிடம் 2,400 ரூபாய்க்குச் சேலை, சென்னைப் பதிப்பகத்திடம் 600 ரூபாய்க்குப் புத்தகங்கள். பத்து சதவீதக் கூப்பன் போக 4,050 ரூபாயை ஒரே தடவையாக யுபிஐயில் கட்டிவிடுகிறார்கள். பானை வந்துவிட்டது, புத்தகங்களும் வந்துவிட்டன. சேலை மட்டும் வரவில்லை. ஆனால் ஜனவரி 10 மாலை, சேலை 'டெலிவர்டு' என்று செய்தி வருகிறது.

"கூரியர்காரர் அவசரத்தில் அழுத்தியிருப்பார், நாளைக்கு வந்துவிடும்" என்று சும்மா இருந்துவிடுவோம். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. சேலைக்கான பணம் விற்பனையாளருக்கு எப்போது போய்ச் சேரும் என்பதை முடிவு செய்வது அந்தச் செய்திதான்.

ஒரு பணம், மூன்று பங்கு

நீங்கள் கட்டிய 4,050 ரூபாய் நேராகக் கடைக்காரர்களுக்குப் போவதில்லை. அதை வாங்கிக்கொள்வது 'பேமென்ட் அக்ரிகேட்டர்' எனப்படும் இடைநிலை நிறுவனம். அது அந்தப் பணத்தை ஒரு வணிக வங்கியில் தனியாக வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் போட வேண்டும், தன் சொந்தச் செலவுக்குத் தொடக்கூடாது. இது ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறை. 2025 செப்டம்பரில் வந்த புதிய தொகுப்பாணையிலும் எஸ்க்ரோ என்ற அடிப்படை தொடர்கிறது. விற்பனைத் தளமே இந்த வேலையையும் செய்வதானால், அதைச் சந்தைத் தொழிலிலிருந்து பிரித்துத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்றும் 2020 நெறிமுறை சொன்னது.

உங்களுக்கு ஒரே பில்தான். தளத்தின் கணக்கில் அது மூன்று ஆர்டர். 450 ரூபாய்க் கூப்பனைப் பொதுவாக விலைக்கு ஏற்பப் பிரிப்பார்கள். அதன்படி பானைக்கு 1,350, சேலைக்கு 2,160, புத்தகங்களுக்கு 540. சேலை வராவிட்டால் திரும்பி வருவது 2,160 ரூபாய்தான். "2,400 ரூபாய்ச் சேலைக்கு 240 குறைகிறதே" என்று சண்டை போடுவதற்கு முன், பொருள்வாரியான விலைப்பட்டியலை இறக்கிப் பாருங்கள்.

விற்பனையாளருக்கும் 2,160 முழுதாகக் கிடைப்பதில்லை. தளத்தின் கமிஷன் 10 சதவீதம், கூப்பன் செலவும் விற்பனையாளருடையது என்று வைத்துக்கொண்டால், கமிஷன் 216, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறத்தாழ 39. தளம் பிடித்து அரசுக்குக் கட்டும் 0.5 சதவீத ஜிஎஸ்டி, 0.1 சதவீத வருமான வரி இரண்டும் சேர்ந்து 12 ரூபாய்க்கு மேல். கடைசியில் அவர் கைக்கு வருவது சுமார் 1,893. "கமிஷனைத் திருப்பித் தரமாட்டோம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது தளத்துக்கும் விற்பனையாளருக்கும் இடையிலான விவகாரம். அதை உங்கள் ரீஃபண்டில் கழிக்க அவர்களுக்கு நியாயம் இல்லை.

பணம் எப்போது விடுவிக்கப்படும்?

2020 நெறிமுறை மூன்று வழிகளைக் காட்டியது. பொருளைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு அக்ரிகேட்டருடையதானால், அனுப்பியதாகத் தகவல் வந்த மறுநாளுக்குள் பணம் போக வேண்டும். அந்தப் பொறுப்பு விற்பனையாளருடையதானால், டெலிவரி ஆனதாக அவர் உறுதிசெய்த மறுநாளுக்குள். ரீஃபண்ட் கெடு முடியும்வரை நிறுத்திவைக்க ஒப்பந்தம் இருந்தால், அந்தக் கெடு முடிந்த மறுநாளுக்குள். மென்பொருளில் இது ஒரு சின்னக் குறிதான். உதாரணமாக ரேசர்பே நிறுவனத்தின் 'ரூட்' சேவையில், ஒரு விற்பனையாளரின் பங்கை `on_hold` என்று குறித்து நிறுத்திவைக்கலாம்.

நம் உதாரணத்தில் சேலைக்கு ஏழு நாள் ரிட்டர்ன் கெடு என்று கொள்வோம். ஜனவரி 10 'டெலிவர்டு', 17 கெடு முடிவு, 18-க்குள் பணம் காஞ்சிபுரத்துக்குப் போய்விடும். டெலிவரி ஆனதாக உறுதிசெய்பவர் நீங்கள் அல்ல, பணத்தைப் பெறப்போகிறவரும் அவருக்காகச் சுமப்பவரும்தான். இந்த ஏற்பாட்டின் பலவீனமான கண்ணி அதுவே. டெலிவரிக்கான ஓடிபியைப் பார்சல் கைக்கு வருமுன் போனில் சொல்லாதீர்கள் என்பதும் அதனால்தான். அந்த எண்ணைச் சொல்லிவிட்டால், உறுதிசெய்தவர் நீங்களாகிவிடுவீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே, மொத்த பில்லில் அல்ல, சேலையின் ஆர்டர் எண்ணில் 'பொருள் வரவில்லை' என்று செயலியில் புகார் பதியுங்கள். டெலிவரிக்கான அத்தாட்சியைக் கேளுங்கள்: எந்த நேரம், யார் கையெழுத்து, எந்த இடத்தில் எடுத்த படம். புகார் எண்ணையும் திரையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெடுவுக்குள் புகார் விழுந்தால் பணத்தை நிறுத்திவைப்பது தளத்துக்குச் சுலபம்.

கெடு தாண்டிவிட்டால் உரிமை போய்விட்டதா? இல்லை. விற்பனையாளருக்குப் பணம் போவதற்கான கெடு வேறு, உங்கள் சட்ட உரிமைக்கான கெடு வேறு. 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "நாங்கள் வெறும் இடைத்தரகர், விற்பனையாளரிடம் கேளுங்கள்" என்று கைகழுவினால், விற்பனையாளரின் முகவரி முதலான விவரங்களை எழுத்தில் கேளுங்கள். வாங்கியவர் கேட்டால் தளம் கொடுத்தாக வேண்டும்.

தேறாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை காஞ்சிபுரத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் டெல்லி மாவட்டத்திலேயே இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

ரீஃபண்டைக் கூப்பனாகவோ வாலட்டிலோ தருவதாகச் சொன்னால், சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் வேறு வழிக்கு ஒப்புக்கொண்டால் தவிர, எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும். டெல்லியில் இருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் ஓலா நிறுவனத்துக்கு இட்ட உத்தரவும் இதே திசையில்தான்: வங்கிக் கணக்கா கூப்பனா என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பயணிக்குக் கொடுக்கச் சொன்னது.

கணக்கில் பணம் போய், ஆர்டரே பதிவாகாத சிக்கல் வேறு. அங்கே யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம்.

இந்தக் காப்பு எங்கே இல்லை?

பொருள் வரும்போது கையில் பணம் கொடுப்பது எஸ்க்ரோ வழியாகப் போவதில்லை. அதைவிட ஆபத்தானது, விற்பனையாளரே போனில் அழைத்து, "ஆப்பில் ஆர்டரை ரத்து செய்துவிட்டு என் க்யூஆருக்கு அனுப்புங்கள், 200 ரூபாய் குறைத்துத் தருகிறேன்" என்பது. அப்படி அனுப்பினால் பணத்தை நிறுத்திவைக்க நடுவில் யாரும் இல்லை. தளத்தின் ஆவணத்தில் ஆர்டரை ரத்து செய்ததும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.