வீட்டுக்காரர் நியூஜெர்சியில், ஒழுகும் குழாய் மடிப்பாக்கத்தில்

சென்னையில் இப்போது பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். குடியிருப்பவர் வாடகையை வங்கியில் போடுகிறார். குளியலறைக் குழாய் ஒழுகும்வரை இருவருக்கும் பேச வேண்டிய தேவையே வருவதில்லை. ஒழுகத் தொடங்கியதும், "சார், பாத்ரூம் குழாய் லீக் ஆகிறது, சீக்கிரம் சரிசெய்து கொடுங்கள்" என்று ஒரு வரி போகிறது. மரியாதையான வரிதான். ஆனால் அதைப் படிப்பவரால் எதையும் முடிவுசெய்ய இயலாது. என்ன கசிவு, எவ்வளவு செலவு, யாரை அனுப்புவது என்று எதுவும் தெரியாமல், பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்துவிடுகிறார்.

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்க வேண்டியது பணமா, அனுமதியா, அல்லது வெறும் தகவல் சொன்னால் போதுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. குழாயையும் அதன் வாஷரையும் மாற்றுவது குடியிருப்பவர் வேலை. சுவருக்குள் ஓடும் பைப்பை மாற்றுவது வீட்டுக்காரர் வேலை. இது தெரியாமல் வாஷர் செலவை அமெரிக்காவிடம் கேட்பவர்களும் உண்டு, சுவரை உடைக்கும் செலவைத் தாமே ஏற்றுக்கொள்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. மூடிய பிறகும் குழாயின் வாயிலிருந்து சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது. கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய் என்றால் உள்ளிருக்கும் ஸ்பிண்டில் போயிருக்கிறது. போர்த் தண்ணீரின் உப்பு படியும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியைச் சுற்றிக் கசிந்தால், அங்குள்ள ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறது. இவை எல்லாம் குழாயின் பழுது, உங்கள் பொறுப்பு.

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. குழாய் சுவரில் நுழையும் இடத்தில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதை முன்னால் இழுத்து, உள்ளே துணியால் ஒற்றிக் காயவைத்துவிட்டுப் பாருங்கள். குழாய் மூடியிருந்தும் அந்த ஓட்டைக்குள் மறுபடி ஈரம் ஊறினால், கசிவு மரையில் இருக்கலாம் அல்லது சுவருக்குள் இருக்கும் எல்போவில் இருக்கலாம். பிளம்பர் குழாயைக் கழற்றி, மரையில் டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றிப் பூட்டுவார். அதோடு நின்றால் வேலை முடிந்தது. நிற்காவிட்டால் எல்போவில் விரிசல் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். குழாயை மாற்றும்போது அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக் எல்போ இப்படி விரியும். சுவருக்குள் இருக்கும் பைப்பில் எப்போதும் அழுத்தம் இருப்பதால், குழாயை மூடினாலும் தண்ணீர் இரவு பகலாக ஊறிக்கொண்டே இருக்கும். கீழ்வீட்டுக் கூரைக்கும் போகும். எழுதும்வரை அந்தக் குளியலறைக்குப் போகும் வால்வை மூடி வையுங்கள்.

மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டில் இதுதான் பழுது, வீட்டுக்காரர் நியூஜெர்சியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

பொருள்: மடிப்பாக்கம் வீடு – குளியலறைச் சுவருக்குள் கசிவு – ரூ. 4,800 வேலைக்கு உங்கள் சம்மதம் வேண்டி

வணக்கம் சார்,

நீங்களும் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

பெரிய படுக்கையறையை ஒட்டிய குளியலறையில், வாளிக்கு மேலுள்ள குழாய் சுவரில் பொருந்தும் இடத்தில் ஜூன் 3 முதல் தண்ணீர் கசிகிறது. குழாயை மூடியிருந்தாலும் மணிக்கு முக்கால் லிட்டர் சேர்கிறது. என் செலவில் குழாயைப் புதிதாக மாற்றிப் பார்த்தேன், நிற்கவில்லை. சுவருக்குள் எல்போ விரிந்திருப்பதாக பிளம்பர் சொல்கிறார். கீழ்வீட்டுக் கூரையில் இதுவரை ஈரம் இல்லை. நேற்று போய்ப் பார்த்தேன்.

இரண்டு டைல்ஸை உடைத்து எல்போவை மாற்றிப் பூச வேண்டும். கூலியும் பொருளும் சேர்த்து ரூ. 4,800 கேட்கிறார். அதே டைல்ஸ் நான்கு உங்கள் பரணில் இருக்கின்றன, அவற்றையே பயன்படுத்தலாம்.

நீங்கள் சம்மதித்தால் ஜூன் 10 அன்று வேலையைச் செய்துவிடலாம். பணத்தை நான் கொடுத்துவிட்டு, ரசீது அனுப்பி, ஜூலை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா? உங்களுக்குத் தெரிந்த வேறு பிளம்பர் இருந்தால் அவருடைய எண்ணை அனுப்புங்கள், நான் வீட்டில் இருந்து கதவைத் திறந்துவிடுகிறேன். அதுவரை அந்த வால்வை மூடிவிட்டு மற்றக் குளியலறையைப் பயன்படுத்துகிறோம்.

இரண்டு படங்களும் பிளம்பர் எழுதிக் கொடுத்த மதிப்பீடும் இணைத்திருக்கிறேன்.

நன்றி சார்.

இதில் இருக்கும் மரியாதை "சார்" என்ற விளியிலும் "நன்றி"யிலும் மட்டும் இல்லை. அவர் ஒரே ஒரு வரி பதில் எழுதினால் போதும் என்ற நிலைக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்திருப்பதில்தான் அதிகம் இருக்கிறது. முக்கால் லிட்டர் என்ற கணக்கு, தகட்டின் அடியில் ஒரு மணி நேரம் மக் வைத்துப் பிடித்தது. நாளொன்றுக்கு 18 லிட்டர். "நிறைய ஒழுகுகிறது" என்று எழுதினால் வராத அவசரம் இந்த எண்ணால் வரும். டைல்ஸ் பற்றிய வரியும் வீணில்லை. பழைய வீடுகளில் அதே வடிவ டைல்ஸ் கடையில் கிடைக்காது. பளிச்சென்று வேறு நிறத்தில் இரண்டு சதுரம் ஒட்டிவிடுவார்களோ என்ற கவலை சொந்தக்காரருக்கு இருக்கும். அவர் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவது நல்லது.

படங்களில் ஒன்று துடைத்த உடனே எடுத்தது, மற்றது ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று எடுத்தது. ஈரச் சுவர் படம் மட்டும் அனுப்பினால் குளித்த தண்ணீரோ என்று அவருக்குத் தோன்றலாம்.

இந்தக் கடிதத்தில் வேறு குறைகளைச் சேர்க்காதீர்கள். கொசுவலை கிழிந்திருப்பதையும் பெயிண்ட் உரிந்திருப்பதையும் கூடவே எழுதினால், பதில் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வரும், அதாவது தாமதமாக வரும். வீட்டுக்காரர் மறுத்தால், வேலையைச் செய்து வாடகையில் கழித்துக்கொள்ள அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அதை முதல் கடிதத்தில் எழுத வேண்டாம். இன்னும் மறுக்காத ஒருவருக்கு அது மிரட்டலாகத்தான் கேட்கும்.

ஜூன் மாதத்தில் நமக்கு மாலை 7 மணி என்றால் நியூஜெர்சியில் காலை 9.30. அந்த நேரத்துக்கு அனுப்பிவிட்டு, "மெயில் அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடலாம். முழு விஷயமும் மெயிலில் இருப்பதே நல்லது. வீட்டைக் காலிசெய்யும் நாளில், அந்த இரண்டு டைல்ஸ் எப்படி உடைந்தன என்ற கேள்வி முன்பணத்தில் கைவைக்கும்போது எழும். அப்போது தேதியோடு எடுத்துக்காட்ட அவருடைய சம்மதம் இருக்கும்.

வேலை நடக்கும் நாளில் பூசுவதற்கு முன் வால்வைத் திறந்துவிட்டு, ஓர் இரவு காத்திருக்கச் சொல்லுங்கள். காலையில் புது எல்போ காய்ந்திருந்தால், சுவர் திறந்திருக்கும் நிலையிலேயே ஒரு படம் எடுத்து, ரசீதோடு அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்பிவிடுங்கள். பிறகு டைல்ஸ் ஒட்டலாம்.