அம்புக்குறியை அவிழ்ப்பது எப்படி?

(P → Q) → R என்ற வாய்பாட்டை சாட் சால்வரிடம் அப்படியே கொடுக்க முடியாது. அது கேட்பது சி.என்.எஃப். வடிவம். ஒவ்வொரு அடைப்புக்குறிக்குள்ளும் ‘அல்லது’ (∨) மட்டும், அடைப்புக்குறிகளுக்கு இடையே ‘மற்றும்’ (∧) மட்டும், மறுப்பு (¬) தனி எழுத்தின் மேல் மட்டும்.

முதலில் அம்புகளை நீக்குவோம். P → Q என்பது ¬P ∨ Q. ஆகவே முழுவதும் ¬(¬P ∨ Q) ∨ R ஆகிறது. அடுத்து மறுப்பை உள்ளே தள்ள வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். மறுப்பு உள்ளே போகும்போது ∨ என்பது ∧ ஆக மாறும்: (P ∧ ¬Q) ∨ R. கடைசியாக R-ஐப் பங்கிட்டால்:

```
(P ∨ R) ∧ (¬Q ∨ R)
```

∧ ஆக மாற்ற மறந்தவருக்கு P ∨ ¬Q ∨ R கிடைக்கும். P, Q உண்மை, R பொய் என்று வைத்துப் பாருங்கள்: மூலம் பொய், அவர் விடை உண்மை. பிழை அம்பலம்!

பங்கிடுவதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. (A ∧ B) போன்ற பத்து ஜோடிகளை ∨ கொண்டு இணைத்தால் 1,024 கூறுகள் பிறக்கும். செய்ட்டின் சொன்ன வழியில் ஒவ்வொரு ஜோடிக்கும் x என ஒரு புதுப்பெயர் சூட்டலாம்:

```
(¬x ∨ A) ∧ (¬x ∨ B) ∧ (x ∨ ¬A ∨ ¬B)
```

ஜோடிக்கு மூன்று கூறுகள். புதுப்பெயர்களை எல்லாம் ∨ கொண்டு சேர்க்கும் கூறு ஒன்று. மொத்தம் 31தான். ஆனால் புது எழுத்துகள் நுழைந்துவிட்டதால் இது மூலத்துக்குச் சமானம் அல்ல. மூலத்தை உண்மையாக்க வழி இருந்தால் இதற்கும் இருக்கும், இல்லையென்றால் இதற்கும் இல்லை. சால்வருக்கு அது போதும்.