படத்தில் ஒட்டியிருக்கும் அந்த /27

ஒரு அலுவலகத்தின் நெட்வொர்க் படத்தை ஸ்கிரீன்ஷாட்டாக யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவே ரூட்டர். அதிலிருந்து ஒரு கோடு ஸ்விட்சுக்கு வருகிறது. கோட்டின் மேல் 192.168.10.64/27 என்று எழுதியிருக்கிறது. ஸ்விட்சுக்குக் கீழே சில கணினிகளும், 192.168.10.95 என்ற முகவரியோடு ஒரு பிரிண்டரும் இருக்கின்றன. பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் அந்தப் பிரிண்டர் வேலை செய்யாது.

காரணம் /27இல் இருக்கிறது. ஐபி முகவரி என்பது மொத்தம் 32 பிட்கள். அவற்றில் 27 நெட்வொர்க்கைக் குறிக்கப் போய்விட்டால், சாதனங்களுக்கு மிஞ்சுவது 5 பிட். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. அதாவது ஒவ்வொரு தொகுதியிலும் 32 முகவரிகள். தொகுதிகள் 0, 32, 64, 96 என்று 32 எண்களுக்கு ஒன்றாகத் தொடங்கும். நம்முடையது 64இல் தொடங்குகிறது, அடுத்தது 96இல். ஆகவே நம் தொகுதியின் கடைசி எண் 95. தொகுதியின் முதல் எண் நெட்வொர்க்கின் அடையாளம். கடைசி எண் பிராட்காஸ்ட், அதாவது அந்த சப்நெட்டில் உள்ள எல்லாரையும் ஒரே நேரத்தில் அழைக்கும் முகவரி. இரண்டையும் எந்தச் சாதனத்துக்கும் தரக்கூடாது. மிச்சம் .65 முதல் .94 வரை, மொத்தம் 30.

விண்டோஸ் கணினியில் .95ஐயும் 255.255.255.224 என்ற மாஸ்க்கையும் கையால் இட்டுப் பார்த்தால் செல்லாது என்று மறுத்துவிடும். எல்லாச் சாதனங்களும் இப்படி எச்சரிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஸ்கிரீன்ஷாட்டுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. எழுத்து மங்கியிருந்தால் 27ஆ 28ஆ என்று தெரியாது. படமே அதற்குத் துப்பு தரும். /28 என்றால் தொகுதிக்கு 16 முகவரிகள்தான். 64இல் தொடங்கி 79இல் முடிந்துவிடும். அதே ஸ்விட்சின் கீழ் ஒரு கணினிக்கு .90 என்று எழுதியிருந்தால், ஒன்று அது 28 இல்லை, அல்லது படம் வரைந்தவர் தவறியிருக்கிறார். கோட்டின் மேல் 192.168.10.70/27 என்று கண்டால் அதை நெட்வொர்க்கின் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது. 70இல் எந்தத் தொகுதியும் தொடங்குவதில்லை. அது 64இன் தொகுதிக்குள் இருக்கும் ஒரு சாதனம், பெரும்பாலும் ரூட்டரின் முனை.

.255 என்று முடிந்தாலே பிராட்காஸ்ட் என்று சொல்லிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. 172.16.20.0/22 என்ற தொகுதி அதைப் பொய்யாக்கும். இங்கே கணக்கு மூன்றாவது எண்ணில் நடக்கிறது, நான்கு நான்காக: 20, 24, 28. அதனால் பிராட்காஸ்ட் 172.16.23.255. நடுவில் வரும் 172.16.21.255ஐ ஒரு கணினிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், 172.16.22.0ஐயும்தான்.