பாதி இந்தி, பாதி ஆங்கிலம்: ஒரு விளம்பர வரி

'யே தில் மாங்கே மோர்' என்ற வரியுடன் பெப்சி 1998இல் இந்திய இளைஞர்களிடம் வந்தது. எழுதியவர் அனுஜா சவுகான். இந்த மனம் இன்னும் கேட்கிறது என்பது பொருள். மறு ஆண்டு கார்கில் போரில், கேப்டன் விக்ரம் பத்ரா தன் வெற்றிச் செய்திக்கே இதைப் பயன்படுத்தினார்.

வரியின் எழுவாயும் வினையும் இந்தி. கடைசிச் சொல் மட்டும் ஆங்கிலம். அங்கே 'அவுர்' என்ற இந்திச் சொல்லை வைத்தாலும் வாக்கியம் பிசகாது. ஒரு மொழியின் சட்டகத்துக்குள் இன்னொன்றின் சொல் சிரமமின்றி உட்காருவதுதான் இயல்பான கலப்பு. வாடிக்கையாளர் வீட்டில் பேசும் எளிய சொல்லாகவும் அது இருக்க வேண்டும்.

இதே அச்சு தமிழுக்குப் பொருந்தாது. 'மனசு கேட்குது மோர்' என்றால் கடைக்காரர் மோர்ப் பாக்கெட்டைத்தான் நீட்டுவார்! தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வரும். ஆங்கிலச் சொல் உருபையோ 'பண்ணு' என்ற துணைவினையையோ ஏற்று நுழையும். 'வீக்எண்டை என்ஜாய் பண்ணு' காதில் உறுத்தாது. 'என்ஜாய் உன் வீக்எண்ட்' உறுத்தும். அப்படி யாரும் பேசுவதில்லை. வரியை அச்சுக்கு அனுப்புமுன் கல்லூரி மாணவர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கினால் மாற்றி எழுதுங்கள்.